இரவுக்கு எத்தனை நிமிடம்?

பஞ்சாலைகளில் பழைய ஷிப்ட் நேரம் ஒன்று உண்டு. முதல் ஷிப்ட் காலை 8 மணியிலிருந்து மாலை 4.30 வரை. இரண்டாவது, அதாவது அரை நைட், 4.30-லிருந்து நள்ளிரவு தாண்டி 1 மணி வரை. மூன்றாவது முழு நைட், 1 மணியிலிருந்து காலை 8 வரை. ஊருக்கு ஊர் அரை மணி முன்பின் இருக்கும், அமைப்பு இதுதான். கூட்டிப் பார்த்தால் முதல் இரண்டும் எட்டரை மணி நேரம், மூன்றாவது மட்டும் ஏழு.

இது இரவு வேலைக்காரர் மேல் யாரோ இரக்கப்பட்டு வைத்த ஏற்பாடு இல்லை, கழித்தல் கணக்கு. 1948 தொழிற்சாலைச் சட்டப்படி ஒரு ஆளைத் தொடர்ந்து ஐந்து மணி நேரத்துக்கு மேல் வேலை வாங்கக் கூடாது என்று இருந்தது. நடுவில் அரை மணி இடைவேளை விட வேண்டியிருந்தது. எட்டு மணி நேர வேலையும் அரை மணி இடைவேளையும் சேர்ந்தால் எட்டரை. ஒரே வகை வேலையில் இரண்டு ஷிப்ட் ஆட்கள் ஒரே நேரத்தில் நிற்கவும் சட்டம் இடம் கொடுக்கவில்லை. ஒரு குழு இறங்கினால்தான் அடுத்தது ஏற முடியும். எனவே இரண்டு எட்டரையைக் கழித்தால் 24-இல் மிச்சம் ஏழு. அதிலும் அரை மணி இடைவேளை போக வேலை நேரம் ஆறரை. கூலி மட்டும் முழு எட்டு மணிக்கும்.

ஆக, முழு நைட்டுக்கு வருகிற ஆள் ஒன்றரை மணி நேரம், 90 நிமிடம், வேலை செய்யாமலே கூலி வாங்குகிறார். சம்பளச் சீட்டில் ‘இரவுப்படி’ என்று ஒரு வரியும் இருக்காது. ஆனால் இரவுப்படி அதுதான். பணமாக வராமல் நேரமாக வருகிறது.

இந்த 90 நிமிடத்தை மனதில் வைத்துக்கொண்டு புதுக்கோட்டை மாவட்டத்தின் இன்றைய தொழிற்சாலைகளைப் பார்க்கலாம். திருச்சி–மதுரை நெடுஞ்சாலையில் விராலிமலையைச் சுற்றி இரவும் பகலும் ஓடும் ஆலைகள் பெருகியிருக்கின்றன. இப்படிப்பட்ட ஆலைகளில் பரவலாக இருப்பது 6–2–10 முறை: காலை ஆறு முதல் இரண்டு வரை ஏ ஷிப்ட், இரண்டு முதல் பத்து வரை பி, இரவு பத்திலிருந்து காலை ஆறு வரை சி. மூன்றும் சமம். இடைவேளை எட்டு மணி நேரத்துக்குள்ளேயே அடங்கிவிடும். பஸ் பிடிக்கவும் வசதி. நள்ளிரவு ஒரு மணிக்கு ஷிப்ட் மாறினால் இலுப்பூருக்கோ கீரனூருக்கோ எதில் போவது? ஆனால் நேரத்தைச் சமமாக வெட்டியதில் இரவுக்கென்று இருந்த தள்ளுபடி காணாமல் போய்விட்டது. அதற்குப் பதிலாக வந்ததுதான் ‘ஒரு நைட்டுக்கு இத்தனை ரூபாய்’ என்கிற படி.

இங்கே பலர் தப்பாக நினைத்திருக்கும் ஒரு விஷயம்: இரவுப்படி கொடுத்தே ஆக வேண்டும் என்று தொழிற்சாலைச் சட்டம் எங்கும் சொல்லவில்லை. ஓவர்டைமுக்கு இரட்டைக் கூலி சட்டத்தில் இருக்கிறது. தொழிற்சாலைச் சட்டப்படி நாளுக்கு ஒன்பது மணி, வாரத்துக்கு 48 மணி தாண்டினால் அது கட்டாயமாக இருந்தது. ஆனால் இரவு பத்து மணிக்கு வேலைக்கு வந்தார் என்பதற்காக மட்டும் ஒரு ரூபாய்கூடச் சட்டப்படி சேராது. 2025 நவம்பர் 21 முதல் நடைமுறைக்கு வந்த புதிய தொழிலாளர் சட்டத் தொகுப்புகளிலும் நிலைமை அதுவே. இரவுப்படி என்பது சங்கத்துக்கும் நிர்வாகத்துக்கும் இடையே போடப்படும் ஒப்பந்தத்தில் வர வேண்டும். அல்லது வேலை நியமன உத்தரவில், அரசு என்றால் பணி விதிகளில். சங்கம் இல்லாத இடத்தில் அது நிர்வாகத்தின் மனசைப் பொறுத்தது.

அப்படியானால் நியாயமான தொகை எது? விதியாகவே எழுதி வைத்திருப்பது மத்திய அரசு. 2020 ஜூலை 13 தேதியிட்ட பணியாளர் துறை உத்தரவு, 2017 ஜூலை 1 முதல் கணக்கிட்டு, இப்படிச் சொல்கிறது: இரவு பத்து முதல் காலை ஆறு வரை செய்யும் வேலை இரவு வேலை. அதில் ஒவ்வொரு மணிக்கும் பத்து நிமிடம் கூடுதலாகச் சேர்த்து எண்ண வேண்டும். ஒரு மணி நேரத்தின் மதிப்பு, அடிப்படைச் சம்பளத்தையும் அகவிலைப்படியையும் கூட்டி 200-ஆல் வகுத்து வருவது.

ரயில்வே போன்ற ஒரு துறையில் அடிப்படைச் சம்பளம் 25,500 வாங்குகிற ஒருவரை எடுத்துக்கொள்வோம். 2024 ஜனவரியில் அகவிலைப்படி 50 சதவீதம்; அது 12,750. மொத்தம் 38,250. அதை 200-ஆல் வகுத்தால் மணிக்கு 191 ரூபாய் 25 காசு. எட்டு மணி நேர இரவுக்குச் சேரும் கூடுதல் 80 நிமிடம். அதன் விலை 255 ரூபாய்.

அரசாங்கம் மேசையில் உட்கார்ந்து 80 நிமிடம் என்று முடிவு செய்கிறது. பஞ்சாலை கழித்தல் கணக்கில் தடுக்கி 90 நிமிடத்தில் விழுகிறது. இரண்டும் இவ்வளவு பக்கத்தில் வந்தது தற்செயலாகவே இருக்கலாம். என்றாலும் இரவு வேலைக்கு விலை பேசுகிறவர்களுக்கு நல்ல அளவுகோல் கிடைத்துவிட்டது: ரூபாயை நிமிடமாக மாற்றிப் பாருங்கள். நாள் கூலி 600, இரவுப்படி 60 என்று ஒரு ஆலையில் இருப்பதாக வைத்துக்கொள்வோம். பத்தில் ஒரு பங்கு, அதாவது 48 நிமிடம். சில வருடத்தில் கூலி 900 ஆகிறது, படி மட்டும் 60-லேயே நிற்கிறது. இப்போது அது 32 நிமிடம். யாரும் படியைக் குறைக்கவில்லை, ஆனால் இரவின் விலை மூன்றில் ஒரு பங்கு குறைந்துவிட்டது. ஒப்பந்தத்தில் ரூபாயாக எழுதினால் இப்படித்தான் கரையும். நிமிடமாகவோ சதவீதமாகவோ எழுதினால் கரையாது.

அரசு விதியிலும் ஒரு முள் உண்டு. அடிப்படைச் சம்பளம் 43,600-ஐத் தாண்டினால் இரவுப்படி கிடையாது என்று அதே உத்தரவு வரம்பு கட்டியது. 43,600-இல் நிற்பவர் மாதம் எட்டு இரவு பார்த்தால் இரவுக்கு 436 வீதம் 3,488 ரூபாய் வரும். ஆண்டு உயர்வு வந்து அடிப்படைச் சம்பளம் 44,900 ஆகிறது. உயர்வு 1,300, அதற்கான அகவிலைப்படி 650, ஆக 1,950. வீட்டு வாடகைப்படி இன்னும் நூறு ரூபாய் சொச்சம் சேரும். போனது 3,488. இன்க்ரிமென்ட் வந்த மாதம் கைக்கு வருவது குறைகிறது. பல வருடம் வேலை பார்த்து வயதேறிய ஊழியருக்குத்தான் இந்த வரம்பு இடிக்கும். இரவு விழிப்பு உடம்புக்கு ஒத்துக்கொள்ளாமல் போகிற வயதும் அதுதான்.

அதே உத்தரவில் அதிகம் பேசப்படாத ஒரு வரி உண்டு. வேலை நேரத்தை வகுக்கும்போதே இரவுக்கான சலுகையைச் சேர்த்துக் குறைத்திருந்தால், தனியாகப் படி கிடையாது என்கிறது அது. நேரமாகக் கொடுத்தால் பணம் இல்லை, பணமாகக் கொடுத்தால் நேரம் இல்லை. இரண்டும் ஒன்றுக்கொன்று மாற்று என்று அரசே ஒப்புக்கொள்கிறது. எது நல்ல மாற்று என்பதற்கு உடம்பைக் கேட்க வேண்டும்.

உடம்பின் வெப்பநிலை நாள் முழுக்க ஒரே அளவில் இருப்பதில்லை. மாலையில் உச்சத்துக்குப் போய், இரவில் இறங்கி, விடியற்காலை நாலு, ஐந்து மணிக்கு அடிமட்டத்தைத் தொடுகிறது. விழிப்பும் கவனமும் ஏறக்குறைய அதோடு சேர்ந்தே இறங்குகின்றன. இரவு பத்து மணிக்கு ஷிப்ட் ஏறும்போது தெம்பாக இருப்பவர் மூன்றரை மணிக்கு மீட்டரைப் பார்ப்பார், எண் கண்ணில் படும், மனதில் பதியாது. டீ குடித்தால் இருபது நிமிடம் ஓடும். காலை எட்டு மணிக்கு வீட்டில் படுக்கும்போது இதே சங்கிலி எதிர்த்திசையில் வேலை செய்கிறது: உடம்பின் வெப்பம் ஏறிக்கொண்டிருக்கிறது, எழுந்திரு என்று தள்ளுகிறது. அதனால்தான் இரவு முழுக்க வேலை பார்த்தவருக்கும் பகல் தூக்கம் பெரும்பாலும் நடுமதியத்துக்குள் கலைந்துவிடுகிறது. மே மாதம் புதுக்கோட்டையில் ஆஸ்பெஸ்டாஸ் கூரைக்குக் கீழே படுத்தால் அதுவும் கிடையாது.

இந்தத் தூக்கக் கடன் இரவுக்கு இரவு கூடும். சைமன் ஃபோக்கார்டும் ஃபிலிப் டக்கரும் பல ஆய்வுகளின் விபத்துத் தரவுகளைச் சேர்த்து 2003-இல் வெளியிட்ட கணக்கில், முதல் இரவோடு ஒப்பிட்டால் இரண்டாம் இரவில் விபத்து வாய்ப்பு 6 சதவீதம் அதிகம். மூன்றாம் இரவில் 17. நாலாம் இரவில் 36. நாலைந்து நாளில் உடம்பு பழகிவிடும் என்று ஷாப் ஃப்ளோரில் எல்லாரும் சொல்வார்கள். பழகுவது மனசுதான்; எண்கள் ஏறிக்கொண்டே போகின்றன.

ஒரு நைட்டுக்கு இத்தனை என்று ரூபாயில் படி கொடுத்தால் என்ன ஆகும் என்பது இப்போது புரியும். வட்டிக்குக் கடன் வாங்கியவர், பிள்ளைக்குக் கல்லூரிக் கட்டணம் கட்ட வேண்டியவர், “எனக்குத் தொடர்ந்து நைட்டே போடுங்க சார்” என்று சூப்பர்வைசரிடம் வந்து நிற்பார். பகல் ஷிப்ட் வேண்டும் என்கிற இன்னொருவர் சந்தோஷமாக விட்டுக்கொடுப்பார். சூப்பர்வைசருக்கும் தலைவலி இல்லை. மூன்று பேருக்கும் நன்மை என்று தோன்றும் இந்த ஏற்பாட்டில் ஆபத்து கூடுகிற இரவுகளை ஒரே ஆள் வாங்கிக்கொள்கிறார், அதற்குப் படியும் வாங்குகிறார். இரவின் சுமைக்கு ஈடாக வந்த பணமே இரவுகளைக் குவிக்கிறது.

முதல் இரவுக்கு வேறொரு ஆபத்து உண்டு. அது வேலை முடிந்த பிறகு வருவது. காலை ஆறு மணிக்கு எழுந்து பகலெல்லாம் வீட்டு வேலை, வயல் வேலை பார்த்துவிட்டு, தூங்காமல் இரவு பத்து மணிக்கு ஷிப்ட் ஏறுபவர், இரவு 11 மணிக்கே 17 மணி நேரம் விழித்திருந்தவர் ஆகிறார். 17 மணி நேர விழிப்பில் கை–கண் ஒருங்கிணைப்பு, ரத்தத்தில் 0.05 சதவீத மது இருப்பவர் அளவுக்குக் குறைகிறது என்று ட்ரூ டாசன், கேத்ரின் ரீட் இருவரும் 1997-இல் சோதித்துக் காட்டினார்கள். நம் மோட்டார் வாகனச் சட்டத்தின் வரம்பு நூறு மில்லிலிட்டர் ரத்தத்தில் 30 மில்லிகிராம், அதாவது 0.03 சதவீதம். காலை ஆறு மணிக்கு அவர் பைக்கை எடுக்கும்போது 24 மணி நேரம் ஆகியிருக்கும். ஊத வைத்துப் பார்க்கும் கருவியில் இது தெரியாது. முதல் நைட்டுக்கு முன் பகலில் ஒன்றரை மணி நேரம் படுத்துவிட்டு வருவது இந்தக் கணக்கைக் கணிசமாக மாற்றும். ஆனால் டூட்டி சார்ட் முதல் நாள் மாலைதான் ஒட்டப்படுகிறது என்றால் யார், எப்படித் திட்டமிட்டுப் படுப்பது? சார்ட்டை ஒரு மாதம் முன்பே ஒட்டுவதற்குச் செலவு ஒன்றும் இல்லை.

இனி சார்ட்டுக்கே வருவோம். ஞாயிறு அடைக்கிற ஆலை, மூன்று குழு, வாரத்துக்கு ஒரு தரம் ஷிப்ட் மாற்றம். ஏ-யிலிருந்து பி, பி-யிலிருந்து சி, சி-யிலிருந்து மறுபடி ஏ என்று முன்னோக்கிப் போகலாம். சி, பி, ஏ என்று பின்னோக்கியும் போகலாம். மனித உடம்புக் கடிகாரத்தின் சொந்தச் சுற்று 24 மணி நேரத்தைவிடச் சில நிமிடங்கள் அதிகம். தனியே விட்டால் அது தினமும் கொஞ்சம் தாமதமாகத் தூங்கவே விரும்பும். எனவே நேரத்தைப் பின்னால் தள்ளிக்கொண்டே போகும் முன்னோக்கு முறை உடம்புக்கு எளிது. அமெரிக்காவில் யூட்டா மாநிலத்து ஆக்டனில் இருந்த ஒரு உப்பு, ரசாயன ஆலையில் சார்ல்ஸ் சைஸ்லர் குழுவினர் பின்னோக்கு முறையை முன்னோக்கி மாற்றி, மாற்ற இடைவெளியையும் மூன்று வாரமாக நீட்டிப் பார்த்தார்கள். தொழிலாளர் திருப்தி, உடல்நிலை, உற்பத்தி மூன்றும் மேம்பட்டன என்று 1982-இல் எழுதினார்கள்.

பிறகு ஏன் பல இடங்களில் தொழிலாளர்களே பின்னோக்கு முறையைக் கேட்டு வாங்குகிறார்கள்? அறியாமை இல்லை. வார விடுப்பை மணியில் எண்ணிப் பாருங்கள். முன்னோக்கில், சனிக்கிழமை மதியம் இரண்டு மணிக்கு ஏ முடித்தவர் திங்கள் மதியம் இரண்டுக்கு பி ஏறுகிறார்: 48 மணி நேரம். சனி இரவு பத்துக்கு பி முடித்தவர் திங்கள் இரவு பத்துக்கு சி: அதுவும் 48. ஆனால் சனிக்கிழமை நைட்டை ஞாயிறு காலை ஆறுக்கு முடிக்கிறவர் திங்கள் காலை ஆறுக்கே ஏ ஷிப்டில் நிற்க வேண்டும்: 24 மணி நேரம்தான். ஞாயிறு பகலில் தூங்கினால் ராத்திரி தூக்கம் வராது. தூங்காவிட்டால் ஞாயிறு பகல் முழுக்க மயக்கம். திங்கள் விடியற்காலை நாலரைக்கு எழுந்து கம்பெனி பஸ்ஸுக்கு ஓட வேண்டும். பின்னோக்கில் சி-யிலிருந்து பி-க்கு 32, பி-யிலிருந்து ஏ-வுக்கு 32, ஏ-யிலிருந்து சி-க்கு 56. இந்த 56-தான் இழுக்கிறது. சனி மதியம் கிளம்பினால் திங்கள் இரவு வரை ஊரில் இருக்கலாம்; கல்யாணம், காதுகுத்து, கிடாவெட்டு எல்லாம் முடியும். இரண்டு முறையிலும் மூன்று விடுப்புகளின் கூட்டுத்தொகை 120 மணி நேரம்தான், பங்கிடுவதில்தான் வேறுபாடு.

சட்டம் இந்த 24 மணி நேரத்தைத் தப்பு என்று சொல்லாது. நள்ளிரவைத் தாண்டும் ஷிப்டுக்கு, ஷிப்ட் முடிந்த நேரத்திலிருந்து தொடர்ச்சியாக 24 மணி நேரம்தான் வார விடுப்பு என்று தொழிற்சாலைச் சட்டத்தின் 57-ஆம் பிரிவு எழுதி வைத்தது. புதிய தொகுப்பும் அதையே எடுத்துக்கொண்டது. நல்ல நோக்கத்தில் வந்த பிரிவு அது. இல்லாவிட்டால் ஞாயிறு காலை வரை வேலை வாங்கிவிட்டு ‘ஞாயிறு லீவு’ என்று சார்ட்டில் எழுதிவிடலாம். ஆனால் அது மணியை மட்டும்தான் எண்ணுகிறது. நைட் முடித்தவரின் 24 மணி நேரமும் பகல் ஷிப்ட் முடித்தவரின் 24 மணி நேரமும் அதற்கு ஒன்று.

முன்னோக்கு முறையை வைத்துக்கொண்டே அந்த 24-ஐச் சரி செய்ய முடியுமா? முடியும். மத்திய அரசின் பத்து நிமிடக் கணக்கை எடுங்கள். இரவுக்கு 80 நிமிடம். ஆறு இரவுக்கு 480 நிமிடம். அது சரியாக எட்டு மணி நேரம், ஒரு முழு ஷிப்ட். ஆறு நைட் பார்த்தவருக்கு அந்தக் கூடுதல் நிமிடங்களைப் பணமாகக் கொடுக்காமல் ஒரு நாள் சம்பளத்தோடு விடுப்பாகக் கொடுத்தால், சி முடித்து ஏ ஏறும் இடத்தில் இருக்கும் 24 மணி நேரம் 48 ஆகிறது. உடம்புக்கு எந்த இடத்தில் ஓய்வு தேவையோ அந்த இடத்தில் போய் விழுகிறது. நிர்வாகத்துக்கு ரூபாயில் ஒன்றும் கூடுதல் செலவில்லை. ஆனால் அந்தத் திங்கட்கிழமை ஏ ஷிப்டில் நிற்க ஆள் வேண்டும். எல்லாப் பேச்சும் கடைசியில் முட்டிக்கொள்கிற இடம் அது.

ஞாயிறும் அடைக்காத ஆலை, ஆஸ்பத்திரி என்றால் இந்த ஆள் கணக்கு இன்னும் கூர்மையாகிறது. மூன்று ஷிப்டுக்கு மூன்று பேர் போதும் என்று தோன்றும். வாரத்துக்கு 168 மணி நேரம். மூன்று பேர் பங்கிட்டால் தலைக்கு 56. ஆளுக்கு எட்டு மணி நேரம் ஓவர்டைம், வார விடுப்பே இல்லை. காலாண்டுக்கு ஓவர்டைம் 104 மணி நேரம் வரும். தொழிற்சாலைச் சட்டத்தின் பொது வரம்பு காலாண்டுக்கு 50 ஆக இருந்தது. சட்டத்தை விடுங்கள், காசைப் பார்ப்போம். 48 மணிக்குச் சாதாரணக் கூலி, மிச்சம் எட்டு மணிக்கு இரட்டைக் கூலி: தலைக்கு 64 மணி நேரக் கூலி. மூன்று பேருக்கு 192. நாலாவது ஆளைச் சேர்த்து, நாலு பேருக்கும் முழு வாரக் கூலியான 48 மணி கொடுத்தால்? நாலு நாற்பத்தெட்டு 192. அதே தொகை. இப்போது ஒவ்வொருவரும் வாரத்துக்குச் சராசரி 42 மணி நேரம்தான் வேலை பார்க்கிறார்கள்.

நாலாவது ஆளுக்கு வைப்பு நிதி, இ.எஸ்.ஐ., போனஸ், சாப்பாடு என்று மேற்செலவு உண்டு, மறுக்கவில்லை. ஆனால் ஓவர்டைமுக்கு இரட்டைக் கூலி ஒழுங்காகக் கொடுக்கிற இடத்தில் மூன்று பேர் சிக்கனம் என்பது பெரும்பாலும் பொய்க் கணக்கு. அந்தக் கணக்கு நிஜமாகவே லாபமாக இருக்கிறதென்றால், எங்கோ ஓவர்டைம் ஒற்றைக் கூலியில் போகிறது என்று அர்த்தம். அதைக் கண்டுபிடிக்கச் சார்ட்டும் சம்பளச் சீட்டும் போதும்.

நாலு குழு கிடைத்துவிட்டால் நல்ல சார்ட் தானாக அமையும். இரண்டு நாள் ஏ, இரண்டு நாள் பி, இரண்டு நாள் சி, இரண்டு நாள் ஓய்வு. எட்டு நாள் சுற்று. முன்னோக்கியே போகிறது. தொடர்ந்து இரண்டு இரவுக்கு மேல் இல்லை, எனவே அந்த 17, 36 சதவீதங்கள் வரவே வராது. ஏழாம் நாள் காலை ஆறு மணிக்கு நைட் முடித்தவர் ஒன்பதாம் நாள் காலை ஆறுக்கு வந்தால் போதும், 48 மணி நேரம். குறை என்னவென்றால் ஓய்வு நாள் நகர்ந்துகொண்டே இருக்கும். எட்டு வாரத்தில் வரும் எட்டு ஞாயிறுகளில் இரண்டுதான் கையில் கிடைக்கும். குழந்தைகள் பள்ளிக்கூடம் போகிற வீட்டில் இது சின்ன விஷயம் இல்லை. சார்ட்டை மாற்றப் போன பல நிர்வாகங்கள் சங்கத்திடம் தோற்றது இந்த ஞாயிற்றுக்கிழமையில்தான். என் கட்சி இரண்டு–இரண்டு முறைதான். ஆனால் அதை மேலிருந்து திணித்தால் நிலைக்காது. மூன்று மாதம் ஓட்டிப் பார்த்து ஓட்டுப் போட விடுவதுதான் வழி.

ஆஸ்பத்திரி தனிக் கதை. பல ஆஸ்பத்திரிகளில் நர்ஸ் டூட்டி 6–6–12 என்று ஓடுகிறது: காலை எட்டு முதல் இரண்டு, இரண்டு முதல் எட்டு, இரவு எட்டு முதல் காலை எட்டு. இரவு பத்து மணிக்கு டூட்டி மாற்றினால் பெண்கள் தனியாக ரோட்டில் நிற்க வேண்டும் என்பது இதற்கு முக்கியக் காரணம். அதைக் குறை சொல்ல முடியாது. ஆனால் விளைவைப் பாருங்கள். பஞ்சாலையில் இரவு ஆறரை மணி நேரமாகச் சுருங்கியது. ஆஸ்பத்திரியில் அது 12 ஆக நீண்டது. தமிழ்நாட்டில் ஆலைகளுக்கு 12 மணி நேர வேலையை அனுமதிக்கும் சட்டத்திருத்தம் 2023 ஏப்ரலில் சட்டமன்றத்தில் நிறைவேறி, எதிர்ப்பு கிளம்பி, மே தினத்தன்று திரும்பப் பெறப்பட்டது. இரும்பு அடிக்கிறவருக்கு ஆகாது என்று நாம் தள்ளிய 12 மணி நேரத்தை ஊசி போடுகிறவருக்கு மட்டும் கேள்வி கேட்காமல் வைத்திருக்கிறோம். ஷிப்டின் 12-ஆவது மணியில் விபத்து வாய்ப்பு, முதல் எட்டு மணி நேரத்தின் சராசரியைப்போல இரண்டு மடங்குக்கு மேல் என்கிறது ஃபோக்கார்ட், டக்கர் கணக்கு. ஆஸ்பத்திரியில் அந்த 12-ஆவது மணி காலை ஏழு முதல் எட்டு. ரத்த மாதிரி எடுப்பது, காலை மருந்து, நோட்டு எழுதுவது, அடுத்த டூட்டிக்கு ஒப்படைப்பது எல்லாம் வந்து குவிகிற நேரம்.

ஒப்படைப்பிலும் ஒரு முரண் உண்டு. ஆலையில் இரண்டு ஷிப்ட் ஒன்றன்மேல் ஒன்று ஏறக் கூடாது என்கிறது சட்டம். வார்டில் ஏறித்தான் ஆக வேண்டும். எந்தக் கட்டிலில் எந்த டிரிப் எப்போது முடியும், யாருக்கு என்ன ஒவ்வாமை என்பதைக் கட்டில் கட்டிலாகச் சொல்லாமல் போக முடியாது. எட்டு மணிக்கு டூட்டி முடிந்த நர்ஸ் எட்டே முக்காலுக்குப் படி இறங்குவார். அந்த முக்கால் மணி நேரம் சார்ட்டிலும் இல்லை, சம்பளத்திலும் இல்லை.

சார்ட் எவ்வளவு நல்லதாக இருந்தாலும் அதை உடைப்பது டூட்டி மாற்றிக்கொள்வதுதான். ஜனவரியில் தச்சன்குறிச்சி ஜல்லிக்கட்டு தொடங்கிவிட்டால் மாவட்டம் முழுக்க ஆளாளுக்கு “என் டூட்டியை நீ பாரு, உன்னுதை நான் பாக்குறேன்” என்பார்கள். அதைத் தடுக்கவும் முடியாது, தடுப்பது நியாயமும் இல்லை. ஆனால் கையெழுத்துப் போடும் முன் சூப்பர்வைசர் ஒன்றைப் பார்க்க வேண்டும்: மாற்றிய பிறகு எந்த இரண்டு ஷிப்டுக்கு நடுவிலும் எத்தனை மணி நேரம் இருக்கிறது? இரவு பத்துக்கு பி முடித்து மறுநாள் ஆறுக்கு ஏ ஏறினால் எட்டு மணி நேரம். போக வர இரண்டு மணி, குளித்துச் சாப்பிட ஒரு மணி போனால் தூக்கம் ஐந்துக்குள். ஐரோப்பிய விதி 24 மணி நேரத்தில் தொடர்ச்சியாக 11 மணி நேர ஓய்வைக் கட்டாயமாக்கியிருக்கிறது. நம் சட்டத்தில் எல்லாருக்கும் பொதுவாக அப்படி ஒரு வரி இல்லை. இருக்கிற ஒன்று வந்தது நீதிமன்றத்திலிருந்து: பெண்கள் ஆலையில் இரவு வேலை பார்ப்பதற்கு இருந்த தடையை வசந்தா வழக்கில் 2000 டிசம்பரில் நீக்கிய சென்னை உயர் நீதிமன்றம், பகல் ஷிப்டிலிருந்து இரவுக்கும் இரவிலிருந்து பகலுக்கும் மாற்றும்போது இடையில் குறைந்தது 12 மணி நேரம் விட வேண்டும் என்று நிபந்தனை போட்டது. பெண்களுக்காக எழுதிய அந்த 12 மணி நேரத்தை ஆண்களின் மாற்று டூட்டிக்கும் வைத்துக்கொள்ள எந்த ஆலைக்கும் யாருடைய அனுமதியும் தேவையில்லை.